கவுண்டர் வடிவமைப்பு விடைக்கு மறுமதிப்பீடு கேட்டு விரிவுரையாளருக்குக் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார் காட்டிய விடைக்குறிப்பில் இருக்கும் சமன்பாடு வேறு, நான் எழுதியது வேறு. ஆனால் என் கவுண்டரும் சரியாகத்தான் எண்ணுகிறது. மறுமதிப்பீடு கேட்கலாமா?

கேட்கலாம். கவுண்டர் வடிவமைப்பில் ஒரே கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் வருவது சகஜம். பயன்படாத நிலைகளை நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் பெரும்பாலும் அந்த வித்தியாசத்துக்குக் காரணம். ஒரு கேள்வியை எடுத்துப் பார்ப்போம். இந்தப் பக்கம் முழுவதும் அதே கேள்விதான் வரும்.

கேள்வி இதுதான்: டி ஃப்ளிப்ஃப்ளாப்களைக் கொண்டு 0, 1, 3, 7, 6, 4, மறுபடி 0 என்று எண்ணும் ஒத்தியங்கு கவுண்டரை வடிவமைக்க. 13 மதிப்பெண். நிலைப்படத்துக்கு 2, நிலை அட்டவணைக்கு 3, கே-மேப்புக்கும் சமன்பாட்டுக்கும் 5, சுற்றுப்படத்துக்கு 3 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

மூன்று ஃப்ளிப்ஃப்ளாப்களுக்கு எட்டு நிலைகள் உண்டு. வரிசையில் ஆறுதான் வருகின்றன. 2, 5 ஆகிய இரண்டும், அதாவது 010, 101 ஆகியவை, மிஞ்சுகின்றன. கேள்வி அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விடைக்குறிப்பு எழுதியவர் அந்த இரண்டு கட்டங்களிலும் 'டோன்ட் கேர்' போட்டிருக்கிறார். அப்போது சமன்பாடுகள் இப்படிச் சுருங்கிவிடும்:

```
D2 = Q1
D1 = Q0
D0 = Q2'
```

நீங்கள் 010, 101 இரண்டும் அடுத்த கடிகாரத் துடிப்பில் 000-க்குப் போகட்டும் என்று அட்டவணையில் எழுதியிருந்தால், அந்தக் கட்டங்களில் 'டோன்ட் கேர்' வராது, பூஜ்யம் வரும். பூஜ்யத்தைச் சேர்த்துக் கட்டம் கட்ட முடியாது என்பதால் சமன்பாடு நீளும்:

```
D2 = Q2 Q1 + Q1 Q0
D1 = Q2' Q0 + Q1 Q0
D0 = Q2' Q1' + Q2' Q0
```

இரண்டும் கேட்ட வரிசையை எண்ணுகின்றன. விடைக்குறிப்பை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறுபது தாள் திருத்துபவருக்கு, இரண்டாவது விடை "சுருக்கத் தெரியாமல் எழுதியது" போலத் தோன்றிவிடுகிறது. மேப்பில் பெருக்கல் குறி விழும். சமன்பாடு தப்பு என்று முடிவானதும் சுற்றுப்படமும் தப்பு என்று போய்விடும். 13-க்கு 5 வருவது இப்படித்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் பாருங்கள். கேள்வியில் "குறைந்தபட்ச கேட்களைக் கொண்டு" என்று இருந்ததா? இருந்தால் நீளமான விடைக்கு முழு மதிப்பெண் கேட்க நியாயம் குறைவு. அந்தச் சொல் இல்லாவிட்டால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது.

என் விடை சரி என்று எனக்கே எப்படி உறுதியாகத் தெரியும்? சார் கேட்டால் என்ன காட்டுவது?

மேப்பை மறுபடி வரைந்து சரிபார்க்காதீர்கள். முதலில் செய்த தவறையே கை திரும்பவும் செய்யும். விடைத்தாளில் எழுதியிருக்கும் கடைசிச் சமன்பாட்டை அப்படியே எடுத்து, எட்டு நிலைகளையும் ஒவ்வொன்றாக அதில் போட்டு, அடுத்த நிலையைக் கண்டுபிடியுங்கள். டி ஃப்ளிப்ஃப்ளாப்பில் இது சுலபம். D-யில் வரும் மதிப்புதான் அடுத்த Q. மேலே உள்ள நீளமான சமன்பாட்டுக்கு இப்படி வரும்:

```
Q2 Q1 Q0    D2 D1 D0
0  0  0     0  0  1
0  0  1     0  1  1
0  1  1     1  1  1
1  1  1     1  1  0
1  1  0     1  0  0
1  0  0     0  0  0
0  1  0     0  0  0
1  0  1     0  0  0
```

முதல் ஆறு வரிகளை மேலிருந்து கீழாகப் படித்தால் 0, 1, 3, 7, 6, 4 என்று சுற்றி 0-க்கு வந்துவிடுகிறது. கடைசி இரண்டு வரிகள் பயன்படாத நிலைகள். அட்டவணையை எண் வரிசையில் எழுதாமல் கவுண்டர் போகும் வரிசையில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு வரியின் வலப்பக்கமும் அடுத்த வரியின் இடப்பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தாலே போதும், திருத்துபவருக்கு அரை நிமிட வேலை. 000 முதல் 111 வரை எழுதினால் அவர் வரிக்கு வரி தாவ வேண்டியிருக்கும்.

கடிதத்தோடு இணைக்க வேண்டியது இந்த எட்டு வரிகள்தான். வேறு பக்கக் கணக்கு எதுவும் வேண்டாம்.

ஜேகே ஃப்ளிப்ஃப்ளாப் என்றால் ஒரு படி கூடும். J, K இரண்டையும் கண்டுபிடித்து, 00 என்றால் அப்படியே இருக்கும், 01 என்றால் 0, 10 என்றால் 1, 11 என்றால் மாறும் என்று அடுத்த நிலையை எழுத வேண்டும். அட்டவணையில் மூன்று J, மூன்று K பத்திகளையும் காட்டிவிடுங்கள். நேராக அடுத்த நிலையை எழுதினால் நம்ப முடியாது.

அப்படியென்றால் விடைக்குறிப்புதான் தவறா? அதைக் கடிதத்தில் எழுதலாமா?

தவறு இல்லை. ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. அது என்ன என்று தெரிந்துகொண்டு, எப்படிச் சொல்வது என்பதில் கவனமாக இருங்கள்.

குறிப்பில் உள்ள மூன்று சமன்பாடுகளும் ஒரு 3-பிட் ஜான்சன் கவுண்டர். அதில் 010 என்ற நிலையைப் போட்டுப் பாருங்கள். D2 = Q1 = 1, D1 = Q0 = 0, D0 = Q2' = 1. அடுத்த நிலை 101. அந்த 101-ஐப் போட்டால் D2 = 0, D1 = 1, D0 = 0. மறுபடி 010. மின்சாரம் கொடுத்த கணத்தில் கவுண்டர் தற்செயலாக 010-இல் விழுந்தால், அது 2, 5, 2, 5 என்றே அடித்துக்கொண்டிருக்கும், வரிசைக்குள் வரவே வராது. இதைத்தான் லாக்-அவுட் என்கிறோம். ஆய்வகத்தில் கிளியர் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் தொடங்குவோம் என்பதால் பலர் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

உங்கள் சமன்பாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. 010, 101 இரண்டும் ஒரே துடிப்பில் 000-க்கு வந்துவிடுகின்றன. அதற்கு நீங்கள் கொடுத்த விலை நான்கு ஆண்ட் கேட்களும் மூன்று ஆர் கேட்களும். Q1 Q0 என்ற உறுப்பு D2, D1 இரண்டிலும் வருகிறது. Q2' Q0 என்பது D1, D0 இரண்டிலும் வருகிறது. அதனால் ஆறு உறுப்புகளுக்கு நான்கு ஆண்ட் போதும். ஒரு 7408, ஒரு 7432 ஐசியில் முடிந்துவிடும். குறிப்பில் உள்ள விடைக்கு கேட்டே தேவையில்லை, இரண்டு 7474 மட்டும் போதும். ஆக, ஒன்று மலிவு, மற்றது தானாக மீளும். கேள்வி இரண்டில் எதையும் கேட்கவில்லை.

சொல்லப்போனால் இன்னும் சிக்கனமான நடுவழி ஒன்றும் உண்டு. D1 = Q0, D0 = Q2' என்று விட்டுவிட்டு D2-ஐ மட்டும் Q2 Q1 + Q1 Q0 என்று வைத்தால் 010 நேராக 001-க்குப் போகும். 101 முதலில் 010-க்கும் பிறகு 001-க்கும் வரும். லாக்-அவுட்டும் போகும், கேட்டும் மிச்சம். இதைத் தேர்வில் எழுதியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் விடை சரிதான்.

கடிதத்தில் "விடைக்குறிப்பில் லாக்-அவுட் இருக்கிறது" என்று எழுதாதீர்கள். அது உண்மையாக இருந்தாலும் உங்கள் மதிப்பெண்ணுக்கு அது வாதமே ஆகாது. அந்த விடையும் ஏற்கத்தக்கதுதானே. "பயன்படாத நிலைகளை 000-க்கு அனுப்பியதால் என் சமன்பாடுகள் விடைக்குறிப்பிலிருந்து வேறுபடுகின்றன" என்ற ஒரு வாக்கியம் போதும். நேரில் கேட்டால் மட்டும் 2, 5 சுழற்சியைக் காட்டுங்கள்.

நிலை அட்டவணைக்கு டிக் போட்டு முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறார். கே-மேப்புக்குப் பூஜ்யம். இது எப்படி?

கடிதத்தில் முதலில் எழுத வேண்டியது இதைத்தான். அட்டவணையில் 010, 101 வரிகளுக்கு எதிரே 000 என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஏற்று 3-க்கு 3 கொடுத்தாகிவிட்டது. அந்த அட்டவணையை வைத்து மேப் போட்டால் நீளமான சமன்பாடுதான் வரும். குறிப்பில் உள்ள சுருக்கமான சமன்பாடு அந்த அட்டவணையிலிருந்து வரவே முடியாது. அட்டவணையை ஏற்றுக்கொண்டு மேப்பை மறுப்பது ஒன்றோடொன்று பொருந்தாது.

இதை உங்கள் கருத்தாகச் சொல்ல வேண்டியதில்லை. விடைத்தாளிலேயே இருக்கும் இரண்டு குறிகளைச் சுட்டிக் காட்டினால் போதும். பக்க எண்ணைத் தவறாமல் எழுதுங்கள்.

இதற்கு நேர்மாறான நிலையும் வரும். அட்டவணையில் அந்த இரண்டு வரிகளையும் எழுதாமலே விட்டுவிட்டு, மேப்பில் மட்டும் பூஜ்யம் போட்டிருப்பீர்கள். அப்போது திருத்துபவர் கேட்பது நியாயம்: இந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது? 'டோன்ட் கேர்' போட மறந்ததற்கும், வேண்டுமென்றே 000-க்கு அனுப்பியதற்கும் தாளில் வித்தியாசம் தெரியாது. நிலைப்படத்திலாவது 2, 5 இரண்டிலிருந்தும் 0-க்கு அம்புக்குறி போட்டிருந்தால் அதைச் சுட்டலாம். அதுவும் இல்லையென்றால் விளைவு சரி என்று மட்டும் சொல்ல முடியும். முழு மதிப்பெண்ணை எதிர்பார்க்க வேண்டாம்.

என் சமன்பாடு D2 = Q0', D1 = Q2, D0 = Q1 என்று வந்திருக்கிறது. குறிப்பில் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையே?

சம்பந்தம் இருக்கிறது. 2 என்ற எண்ணையும் 0 என்ற எண்ணையும் எல்லா இடத்திலும் மாற்றிப் போடுங்கள். D0 = Q2', D1 = Q0, D2 = Q1. குறிப்பில் உள்ளதே வந்துவிட்டது. நீங்கள் Q0-ஐ உயர் பிட்டாக எடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் வருவதற்குப் பாடப்புத்தகங்களே காரணம். சிலவற்றில் A, B, C என்று எழுதி A-ஐ உயர் பிட்டாக எடுப்பார்கள். 7490, 7493 ஐசிகளின் விவரத்தாளில் QA-தான் தாழ் பிட். ஆய்வகத்தில் ஒரு பழக்கம், வகுப்பில் ஒரு பழக்கம்.

மதிப்பெண் கிடைக்குமா என்பது உங்கள் தாளில் எது உயர் பிட் என்று எங்காவது தெரிகிறதா என்பதைப் பொறுத்தது. அட்டவணையின் தலைப்பு வரிசை Q0 Q1 Q2 என்று இருந்து அதன் கீழே 3-க்கு 011 என்று எழுதியிருந்தால் தெளிவாகிவிடும். எதுவுமே குறிக்காமல் சுற்றுப்படத்தை மட்டும் வரைந்திருந்தால், வழக்கமான வாசிப்பில் அந்தக் கவுண்டர் 0, 4, 6, 7, 3, 1 என்றுதான் எண்ணும். கேட்ட வரிசை அது இல்லை.

அட்டவணையில் ஒரே ஒரு இடத்தில் தப்பு. அதற்கப்புறம் எல்லாம் சரியாகச் செய்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டார். இதற்குக் கேட்கலாமா?

ஓரளவுக்குக் கேட்கலாம். எவ்வளவு என்பதைக் கணக்கிட முடியும்.

110-க்கு அடுத்தது 100 என்று எழுத வேண்டிய இடத்தில் அவசரத்தில் 000 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மூன்று பிட்டில் தப்பானது Q2 மட்டும். ஆகவே D2 மேப்பில் ஒரு கட்டம் மட்டும் கெடும். Q2 Q1 + Q1 Q0 வர வேண்டிய இடத்தில் Q1 Q0 மட்டும் வரும். D1, D0 மேப்புகளில் ஒன்றும் மாறாது. சுற்றுப்படத்திலும் D2-க்குப் போகும் இணைப்பு மட்டும்தான் தவறு.

அதனால் கடிதத்தில் இப்படிச் சொல்லலாம்: பிழை இந்த வரியில் இந்த பிட்டில் உள்ளது. D1, D0 இரண்டும் பிழையால் பாதிக்கப்படவில்லை. D2 மேப்பும் நான் எழுதிய அட்டவணைப்படி சரியாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. முறைக்கான மதிப்பெண்ணைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

முழு மதிப்பெண் கேட்காதீர்கள். அந்தச் சுற்று 0, 1, 3, 7, 6 என்று ஐந்து நிலைகளோடு திரும்பிவிடும். கேட்ட கவுண்டர் ஆறு நிலைகள் கொண்டது. பிழை எங்கே என்று நீங்களே சொல்லிவிட்டால், திருத்துபவர் மற்ற பகுதிகளைத் திறந்த மனதோடு பார்க்கிறார். மறைத்துவிட்டு முழுவதும் சரி என்று எழுதினால் அவர் முதலில் தேடுவது அந்தப் பிழையைத்தான்.

எந்த மாதிரி விடைக்கு மறுமதிப்பீடு கேட்கவே கூடாது?

ஒத்தியங்கு கவுண்டர் கேட்டதற்கு ரிப்பிள் கவுண்டர் வரைந்திருந்தால் கேட்காதீர்கள். எண்ணும் வரிசை சரியாக இருந்தாலும் கேள்வி அது இல்லை. எல்லா ஃப்ளிப்ஃப்ளாப்புக்கும் ஒரே கடிகாரம் போகிறதா என்று படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ரிப்பிள் கவுண்டரே கேட்டிருந்தாலும் ஒரு பொறி உண்டு. கடிகார முனையில் முக்கோணம் மட்டும் போட்டு, வட்டம் போடாமல் விட்டால் அது ஏறுமுனையில் இயங்கும் ஃப்ளிப்ஃப்ளாப். அதன் Q-ஐ அடுத்ததன் கடிகாரத்துக்குக் கொடுத்தால் கவுண்டர் கீழ்நோக்கி எண்ணும். மேல்நோக்கி எண்ண வேண்டுமென்றால் வட்டம் வேண்டும், அல்லது Q' எடுக்க வேண்டும். "வட்டம் போட மறந்துவிட்டேன், சின்ன விஷயம்தானே" என்று எழுதினால் எடுபடாது. அந்தச் சின்ன வட்டம்தான் எண்ணும் திசையை முடிவுசெய்கிறது.

மாட்-6 கவுண்டரில் நாண்ட் கேட்டின் உள்ளீட்டுக்கு Q2, Q0 எடுத்திருந்தாலும் அப்படியே. 101 வந்தவுடனே கிளியர் ஆகி மாட்-5 ஆகிவிடும். 110-ஐப் பிடிக்க Q2, Q1 எடுத்திருக்க வேண்டும்.

இடைப்பட்ட ஒன்று இருக்கிறது. மாட்-6 ஒத்தியங்கு கவுண்டர் கேட்டபோது, 0 முதல் 7 வரை எண்ணும் ஒத்தியங்கு கவுண்டரை வரைந்து, 110-இல் கிளியர் செய்திருப்பார்கள். கடிகாரம் பொதுவாக இருந்தாலும் கிளியர் கடிகாரத்துக்குக் காத்திராது. அதனால் 110 சில நானோநொடிகள் தலைகாட்டிவிட்டுப் போகும். கேள்வியில் கே-மேப் வழி வடிவமைக்கச் சொல்லியிருந்தால் மேப்புக்கான மதிப்பெண் போய்விடும். கேட்டால் சுற்றுப்படத்துக்கு மட்டும் கேளுங்கள்.

கடிதத்தை எப்படி எழுதுவது? ஒரு மாதிரி கிடைக்குமா?

மேலே சொன்ன 13 மதிப்பெண் கேள்விக்கான கடிதம் இது. ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசையில் எழுதுங்கள்.

> அனுப்புநர்
> (பெயர், பதிவு எண், ஆண்டு, பிரிவு)
>
> பெறுநர்
> (பாட ஆசிரியர், துறை)
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> பொருள்: இரண்டாம் உள்மதிப்பீட்டுத் தேர்வு, டிஜிட்டல் மின்னணுவியல், வினா எண் 12(அ) மறுமதிப்பீடு வேண்டி
>
> மேற்கண்ட வினாவில் 0, 1, 3, 7, 6, 4 வரிசைக்கான ஒத்தியங்கு கவுண்டரை டி ஃப்ளிப்ஃப்ளாப் கொண்டு வடிவமைத்துள்ளேன். 13-க்கு 5 மதிப்பெண் பெற்றுள்ளேன்.
>
> விடைத்தாள் பக்கம் 7-இல் உள்ள நிலை அட்டவணையில், வரிசையில் வராத 010, 101 ஆகிய நிலைகளை 000-க்கு அனுப்பியுள்ளேன். அட்டவணைக்கு முழு மதிப்பெண் வழங்கியுள்ளீர்கள். பக்கம் 8-இல் உள்ள கே-மேப்புகள் அதே அட்டவணையிலிருந்து பெறப்பட்டவை. அந்த இரு கட்டங்களில் டோன்ட் கேர் இல்லாததால் என் சமன்பாடுகள் விடைக்குறிப்பிலிருந்து வேறுபடுகின்றன.
>
> பக்கம் 8-இல் எழுதியுள்ள சமன்பாடுகளில் எட்டு நிலைகளையும் இட்டுச் சரிபார்த்த அட்டவணையை இணைத்துள்ளேன். கேட்கப்பட்ட வரிசை அதில் கிடைக்கிறது.
>
> பக்கம் 9-இல் உள்ள சுற்றுப்படத்தில் மூன்றாவது ஃப்ளிப்ஃப்ளாப்புக்குக் கடிகார இணைப்பு வரையாமல் விட்டது என் தவறு. மற்ற இணைப்புகள் சமன்பாடுகளின்படி உள்ளன.
>
> கே-மேப், சுற்றுப்படம் ஆகிய இரு பகுதிகளையும் மறுபடி பார்த்து உரிய மதிப்பெண் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் சொல்லும் நேரத்தில் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறேன்.
>
> இப்படிக்கு,
> தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவர்
> (கையொப்பம், தேதி)
>
> இணைப்பு: சரிபார்ப்பு அட்டவணை, 1 பக்கம்

மேடமாக இருந்தால் "மதிப்பிற்குரிய அம்மா". கடிகார இணைப்பு பற்றிய பத்தியைச் சிலர் வேண்டாம் என்று நினைப்பார்கள். வைத்துவிடுவதே நல்லது. எப்படியும் அவர் பக்கம் 9-ஐத் திறந்து பார்க்கப்போகிறார்.

நன்றாகப் படிப்பவன், வேலைவாய்ப்புக்கு மதிப்பெண் தேவை, பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குப் போட்டிருக்கிறீர்கள் என்பதெல்லாம் இதில் வரக் கூடாது. பக்கத்தில் இருப்பவனை இழுத்தால் அவன் மதிப்பெண் குறையலாம், உங்களுடையது ஏற வேண்டும் என்ற அவசியமில்லை.

இத்தனை மதிப்பெண் வேண்டும் என்று எண்ணாகவே எழுதலாமா?

வேண்டாம். எந்தப் பகுதி என்று சொல்லுங்கள், எண் அவர் போடுவது. ஒரு விதிவிலக்கு உண்டு. பகுதிவாரியாகப் போட்ட மதிப்பெண்கள் கூட்டலில் விட்டுப்போயிருந்தால் எண்ணாக எழுதுங்கள். "2 + 3 + 4 = 9, முன்பக்கத்தில் 5 எனப் பதிவாகியுள்ளது" என்று. அது மறுமதிப்பீடே இல்லை, மறுகூட்டல். அதற்கு மேலே உள்ள கடிதமும் தேவையில்லை, தாளை எடுத்துப்போய்க் காட்டினாலே போதும்.

சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்த படத்தை இணைக்கலாமா?

நீங்கள் சரிபார்க்க அது நல்லது. சான்றாக அதற்கு மதிப்புக் குறைவு. திரையில் இருப்பது நீங்கள் இப்போது வரைந்த சுற்று, தேர்வில் வரைந்தது இல்லை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம்.

Logisim-இல் பார்ப்பதாக இருந்தால், விடைத்தாளில் உள்ள சுற்றை விட்டுப்போன கோடு உட்பட அப்படியே போடுங்கள். வெறுமனே ஓடவிட்டால் 000-இலிருந்துதான் தொடங்கும், பயன்படாத நிலைகள் வரவே வராது. விரல் குறியுள்ள கருவியால் ஃப்ளிப்ஃப்ளாப்பைச் சொடுக்கினால் அதில் உள்ள பிட் மாறும். அப்படி 010, 101 இரண்டையும் நீங்களே வைத்து, ஒரு துடிப்பு கொடுத்துப் பாருங்கள்.

யாரிடம், எப்போது கொடுப்பது? பல்கலைக்கழகத் தேர்வுக்கும் இதே வழியா?

இல்லை. இந்தக் கடிதம் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு மட்டும். தாளைத் திருத்தியவரும் மதிப்பெண்ணை மாற்றக்கூடியவரும் அங்கே ஒரே ஆள். விடைத்தாளைக் கையில் கொடுத்த அன்றோ மறுநாளோ கொடுத்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியல் மேலே போய்விட்டால், சார் ஒப்புக்கொண்டாலும் மாற்றுவது கடினம். முதலில் பாட ஆசிரியரிடம்தான் போக வேண்டும். நேராகத் துறைத் தலைவரிடம் போனால் அவரும் கடிதத்தை அங்கேதான் திருப்பி அனுப்புவார், இடையில் மனக்கசப்பும் வரும்.

செமஸ்டர் தேர்வில் உங்கள் தாளைத் திருத்தியவர் யார் என்றே உங்களுக்குத் தெரியாது. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வென்றால் முதலில் விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகல் வந்த பிறகு மறுமதிப்பீட்டுக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் கடைசித் தேதி உண்டு. தன்னாட்சிக் கல்லூரிகளில் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தின் விதிகள் பொருந்தும். அங்கே கடிதத்தில் விளக்கம் எழுத இடமே இருக்காது, மறுபடி திருத்துபவர் தாளை மட்டும்தான் பார்ப்பார். ஆனால் நகல் வந்ததும் அதைப் பாட ஆசிரியரிடம் காட்டி, பணம் கட்டுவது பிரயோஜனமா என்று கேட்பது நல்லது. அப்போது அந்த எட்டு வரி அட்டவணையையும் கையோடு எடுத்துப்போங்கள். பார்த்தவுடனே சொல்லிவிடுவார்.

சார் பார்த்துவிட்டு மாற்ற முடியாது என்று சொன்னால்?

எந்தப் படியில் ஏற்கவில்லை என்று மட்டும் கேளுங்கள். "சுருக்கியிருக்க வேண்டும்" என்றால், பயன்படாத நிலைகளில் 'டோன்ட் கேர்' போடுவது இந்தப் பாடத்தில் கட்டாயம் என்று அவர் எடுத்துக்கொள்கிறார் என்று பொருள். அடுத்த தேர்வில் அப்படியே போட்டுவிட்டு, கீழே ஒரு வரியில் 010, 101 எங்கே போகின்றன என்று எழுதிவிடுங்கள். "வரிசையே வரவில்லை" என்றால், எட்டு வரிகளில் எந்த வரி என்று அவர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள். தாளில் உள்ள சமன்பாட்டில் ஒரு பிரைம் குறி விட்டுப்போயிருப்பதும், நீங்கள் வீட்டில் சரிபார்த்தபோது அதை மனசுக்குள் சேர்த்துப் படித்திருப்பதும் நடக்கக்கூடியதுதான்.